சுவருக்குள் போன ஒயரிங்: ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் எங்கே தேடுவது

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு நாலறை வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. 80களில் கட்டிய புளோக். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்ததுமே சொன்னார்: "ஹீட்டரைப் போட்டா வீடே இருட்டாயிடுது தம்பி. புது ஹீட்டர் வாங்கி மாட்டியாச்சு, இன்னும் அதே கதைதான்."

இந்தப் புகாரை இந்த ஊரில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மின்கசிவைக் கண்டால் வீட்டு மின்சாரத்தையே துண்டிக்கும் ஆர்சிசிபி விழுவதால்தான் வீடு இருட்டாகிறது. பாதி நேரம் ஹீட்டரில் ஒரு குறையும் இருப்பதில்லை. கோளாறு எங்கோ ஓர் அறையின் சுவருக்குள், ஒயர் போகும் பைப்பில் இருக்கும். அந்த வீட்டை எப்படிப் பார்த்தேன் என்பதை வைத்தே அறிகுறிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. சிங்கப்பூரில் வீட்டின் நிலையான ஒயரிங்கில் கை வைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் பணியாளருக்கு மட்டுமே அனுமதி. வீட்டில் இருப்பவர்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். மூடியைத் திறக்கும் வேலை எல்லாம் உரிமம் உள்ளவருக்கும் அவருக்குக் கீழே வேலை பழகும் தம்பிகளுக்கும்.

பெரிய கருவி ஒன்றைப் போட்டால் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய சோதனை இது. ஹீட்டரை அதன் சுவிட்சிலேயே நிறுத்துங்கள். எம்சிபி என்பது ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனியாக இருக்கும் சிறு பிரேக்கர். வேறு அறையில், வேறு எம்சிபியில் ஓடும் பிளக்கில் கெட்டிலைப் போடுங்கள், அப்புறம் இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். அவற்றுக்கும் ஆர்சிசிபி விழுந்தால் மூன்று கருவிகளும் ஒரே நேரத்தில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பில்லை. அப்போது சந்தேகப்பட வேண்டியது நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருப்பதைத்தான்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் தேடுவது எளிது. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று மட்டும்தான் ஆர்சிசிபி பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அது விழுந்தே ஆக வேண்டும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டால், திரும்பி வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு எர்த் வழியாக நழுவிவிடும். எவ்வளவு நழுவும் என்பது மொத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

அந்த வீட்டில் நான் அளந்ததில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 18 ஓம் இருந்தது. 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும்போது, உள்வரும் நியூட்ரல் ஒயரின் சொந்தத் தடையால் நியூட்ரல் எர்த்தை விட ஒரு வோல்ட் அளவுக்கு உயர்ந்து நிற்கும். ஒரு வோல்ட்டை 18 ஓமால் வகுத்தால் 55 மில்லி ஆம்பியர் வருகிறது. ஆர்சிசிபி விழுந்துவிடும். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடினால் அரை ஆம்பியர்தான். நியூட்ரல் உயர்வது ஒரு வோல்ட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு கூட வராது, நழுவுவது 2, 3 மில்லி ஆம்பியர். ஆர்சிசிபி அதைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் பழி எப்போதும் ஹீட்டர் மேலேயே விழுகிறது.

எந்த எம்சிபியை இறக்கினாலும் கோளாறு போகவில்லை

இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். வழக்கமாக என்ன செய்வோம்? எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்குவோம். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி என்போம். ஃபேஸ் எர்த்தைத் தொட்டிருந்தால் இந்த முறை சரி. நியூட்ரல் தொட்டிருந்தால் இது பொய் சொல்லும்.

காரணம், பெரும்பாலான வீடுகளில் எம்சிபி ஒற்றை முனை. இறக்கினால் ஃபேஸ் மட்டும்தான் துண்டிக்கப்படும். நியூட்ரல் ஒயர், எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டிக்குள் நியூட்ரல் பட்டையில் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும். ஆக, படுக்கையறையின் எம்சிபியை இறக்கிவிட்டாலும் படுக்கையறைச் சுவருக்குள் இருக்கும் நியூட்ரல் கோளாறு உயிரோடுதான் இருக்கிறது. ஹீட்டர் எம்சிபியைத் தூக்கியதும் அது வேலையைக் காட்டுகிறது.

எனவே டிபியில் மெயின் சுவிட்சை இறக்கி, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நியூட்ரல் பட்டையில் இருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். "உறுதி" என்று நான் சொல்வது மூன்று படி: மின்சாரம் இருக்கும் இடத்தில் டெஸ்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார், அப்புறம் நிறுத்திய இடத்தில் வைத்துப் பார், மறுபடியும் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பார். தொடாமலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டரை நம்பி ஒயரைப் பிடிக்காதே தம்பி. அது மின்சாரம் இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம், இல்லை என்று சொன்னால் நம்பக் கூடாது.

எலக்ட்ரானிக் சாமான் எல்லாவற்றையும் பிளக்கில் இருந்து எடுத்துவிட்டு, கழற்றிய ஒவ்வொரு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே, ஒயர்த் தோலின் தடையை அளக்கும் மெக்கரை 500 வோல்ட்டில் வைத்து அளந்தேன். ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் அந்தச் சர்க்யூட் தேறாது. நல்ல ஒயரிங் நூறு மெகா ஓமுக்கு மேலே காட்டும். ஐந்து சர்க்யூட்டுகள் சுத்தம். நடு அறையின் பிளக் சர்க்யூட் மட்டும் பூஜ்யம். சாதாரண மீட்டரை மாற்றி வைத்தால் 18 ஓம், முள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. ஈரமாக இருந்தால் கிலோ ஓம் கணக்கில் காட்டும். இவ்வளவு குறைவாகவும் ஆடிக்கொண்டும் இருந்தால் ஏதோ ஒரு உலோகம் குத்தி நிற்கிறது என்று பொருள்.

சர்க்யூட் தெரிந்துவிட்டது, சுவரில் எந்த இடம் என்று தெரியவில்லை

சுவரை உடைக்கும் முன்னால் பெட்டிகளைத் தேடுங்கள். சுவருக்குள் போன ஒயரிங்கில் திறந்து பார்க்க முடிகிற இடம் பெட்டி ஒன்றுதான்: கதவுக்கு மேலே ஜங்ஷன் பாக்ஸ், பிளக்குகளுக்குப் பின்னால் மெட்டல் பாக்ஸ். நடுவில் உள்ள பெட்டியில் ஒயரைப் பிரித்து இரு பக்கமும் அளந்தால் பாதிச் சர்க்யூட் கழிந்துவிடும். கோளாறு உள்ள பாதியில் மறுபடி நடுவில் பிரிக்க வேண்டும். அந்த அறையில் ஒரு ஜங்ஷன் பாக்ஸும் மூன்று பிளக்குகளும் இருந்தன. இரண்டு முறை பிரித்ததில் முதல் பிளக்குக்கும் இரண்டாவது பிளக்குக்கும் நடுவே என்று தெரிந்துவிட்டது.

முதல் பிளக் கட்டில் பக்கம், தரையில் இருந்து ஓர் அடி உயரத்தில். இரண்டாவது அதே சுவரின் மறு கோடியில், மேசை மட்டத்தில். நடுவே சுவர் வெறுமையாக இல்லை, ஒரு மர ஷெல்ஃப் நின்றது.

"இது எப்ப மாட்டினது?"

"போன மாசம். பேரப்பிள்ளை புத்தகம் வைக்கறதுக்கு."

"ஹீட்டர் தகராறு?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்கு அப்புறம்தான் தம்பி."

ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, ஷெல்ஃபின் நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். கீழே இடப்பக்கத் திருகாணியை மூன்று சுற்று சுற்றியதும் 18 ஓம் என்பது சட்டென்று எங்கோ மேலே பறந்துவிட்டது. வெளியே எடுத்தேன். நுனியில் மரைகளுக்கு நடுவே வெள்ளை பிவிசி சுருள், அதோடு மயிரிழை அளவுக்குச் செம்பு. நியூட்ரலாக ஓடிய கறுப்பு ஒயரின் தோலும் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. திருகாணியை எடுத்ததும் மெக்கர் 2 மெகா ஓம் காட்டியது. தேறிவிட்டதே என்று ஷெல்ஃபை வேறு இடத்தில் மாட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றும். ஆனால் தோல் கிழிந்த ஒயர் பைப்புக்குள் அப்படியே கிடக்கிறது. இந்த ஊர் ஈரக்காற்றுக்கு அது மறுபடி இறங்கும். அந்த நீளத்துக்கு ஒயரை முழுவதுமாக மாற்றத்தான் வேண்டும்.

திருகாணி பைப்பைத் தொடும் அளவுக்குப் பைப் அங்கே ஏன் வந்தது

கோளாறின் வேர் இதுதான். வீட்டுக்காரர் செய்தது தப்பே இல்லை. ஷெல்ஃப் மாட்டிய இடத்துக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ பக்கவாட்டிலோ பிளக் கிடையாது, சுவிட்ச் கிடையாது. அங்கே பைப் இருக்கும் என்று யாருமே நினைக்க மாட்டார்கள். முன்பு ரெனோவேஷன் செய்தவர் முதல் பிளக்கில் இருந்து இரண்டாவது பிளக்குக்குக் குறுக்கே, பைப்பைப் பதிக்கச் சாய்வாகக் காடி வெட்டியிருந்தார். ஒன்றரை மீட்டர் பைப் மிச்சம், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் விதிமுறை SS 638 பிரிட்டிஷ் மின் விதிகளின் வழியில் வந்தது. அந்த வழியில் காலம் காலமாக இருக்கும் ஒழுங்கு இது: 50 மி.மீ. ஆழத்துக்குள் ஒயர் போனால், அது பிளக்கிலோ சுவிட்சிலோ இருந்து நேர் செங்குத்தாகவோ நேர் கிடையாகவோ மட்டும் போக வேண்டும். இல்லையென்றால் சுவர் மூலையில் இருந்தும் கூரையில் இருந்தும் 150 மி.மீ. பட்டைக்குள் இருக்க வேண்டும். பிளக்கைப் பார்த்ததுமே பைப் எங்கே போகும் என்று ஊகிக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஒழுங்கு. சாய்வுக் காடி அந்த ஊகத்தைப் பொய்யாக்கிவிடுகிறது.

ஆணி அடிக்கப் போகும் வீட்டுக்காரர்களுக்கும் இதே ஒழுங்கு உதவும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் பிளக்குக்கும் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் பெட்டியின் அகலத்துக்கு ஒரு கோடு கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டில் துளை வேண்டாம்.

சுவரில் நேர்கோடாக விரிசல், அல்லது பூச்சு உதிர்கிறது

அதே சுவரில் ஷெல்ஃபுக்கு வலப்பக்கம் மெல்லிய விரிசல் ஒன்று சாய்வாக ஓடியது. அதுவே பைப்பின் வழியைக் காட்டிக்கொடுத்தது. தோண்டிப் பார்த்ததில் பைப்பின் மேல் பூச்சு 6 மி.மீ.தான் இருந்தது.

ஆழத்தைக் கணக்காகச் சொல்கிறேன். 20 மி.மீ. பைப்புக்கு மேலே குறைந்தது 12 மி.மீ. பூச்சு வேண்டும். ஆக, காடி 32, 33 மி.மீ. ஆழம். ஆனால் செங்கல் சுவரில் ஆசைப்படும் அளவுக்கெல்லாம் வெட்ட முடியாது. செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, கிடைக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பிரிட்டிஷ் கட்டுமான வழக்கம். 100 மி.மீ. செங்கல் சுவரில் செங்குத்தாக 33 மி.மீ. கிடைக்கும். 20 மி.மீ. பைப்பும் 12 மி.மீ. பூச்சும் அதற்குள் சரியாக அடங்கும். கிடையாக 16 மி.மீ.தான். பைப்பே அதற்குள் நிற்காது.

இதில் இருந்து வரும் முடிவு எளிது. மெல்லிய தடுப்புச் சுவரில் பைப்பைக் கிடையாக ஓட்டாதே. கிடையாகப் போக வேண்டிய தூரத்தை மேலே ஃபால்ஸ் சீலிங்குக்குள் கடந்துவிட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் நேர் கீழே இறக்கு. ஒயர் சில மீட்டர் கூடுதலாகப் போகும். இன்னொரு முறை வந்து சுவரை உடைப்பதை விட அது மலிவு.

காடியை அரவைச் சக்கரத்தால் இரு கோடாக அறுத்துவிட்டு நடுவில் பெயர்க்க வேண்டும். வெறும் உளியும் சுத்தியலும் என்றால் விளிம்பு சிதறி, பின்பக்கச் சுவரிலும் விரிசல் விடும். தூண், உத்தரம், கான்கிரீட் தளம் இவற்றில் காடி கிடையாது, உள்ளே கம்பி இருக்கிறது. வீட்டுப் பாதுகாப்பு அறையின் சுவரை வெட்டவே கூடாது. அங்கே சுவர் மேலேயே கேசிங் ஓட்ட வேண்டியதுதான். இரைச்சலான வேலை வீவக வீடுகளில் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும்.

ஒயர் பைப்புக்குள் நகர மறுக்கிறது

பழைய ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டி இழுத்தோம். அரை மீட்டர் வந்து நின்றுவிட்டது. பலமாக இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் வழண்டு புதுக் கோளாறு வரும்.

இரண்டு பெட்டிக்கு நடுவே இரண்டு தொண்ணூறு பாகை வளைவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பைப் வேலையின் அடிப்படை. வளைவின் உள் ஆரமும் பைப்பின் வெளி விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு வேண்டும், 20 மி.மீ. பைப்புக்கு 50 மி.மீ. உள்ளே ஸ்பிரிங் போடாமல் முழங்காலில் வைத்து வளைத்தால் பைப் நசுங்கும். இந்த வீட்டில் சாய்வுக் காடியால் வளைவுகள் மூன்று. மூன்றாவது நசுங்கியே இருந்தது. அந்தப் பைப்பைக் கைவிட்டு, மேலே இருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனியாகச் செங்குத்துக் காடி இறக்கினோம்.

பெட்டியைத் திறந்தால் நிறங்கள் பொருந்தவில்லை

ஜங்ஷன் பாக்ஸில் ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும், மறுபக்கம் பழுப்பும் நீலமும். இது தப்பு இல்லை, இரண்டு காலம். சிங்கப்பூரில் 2009 முதல் நிற முறை மாறியது. அதற்கு முன் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். இப்போது ஒற்றை ஃபேஸ் வீட்டில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸ் என்றால் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ். எர்த் அன்றும் இன்றும் பச்சை மஞ்சள் வரி.

தமிழ்நாட்டில், நம்ம ஊரில் வேலை பழகி இங்கே வரும் தம்பிகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஊரில் கறுப்பு என்றால் நியூட்ரல், கை தன்னால் போய்ப் பிடிக்கும். இங்கே மூன்று ஃபேஸ் வாங்கிய தரை வீட்டில் அதே கறுப்பு 230 வோல்ட் ஃபேஸ். நீலமும் அப்படித்தான்: பழைய மூன்று ஃபேஸ் ஒயரிங்கில் அது ஃபேஸ், புதியதில் நியூட்ரல். நிறம் ஒரு ஊகத்தைத் தரும், முடிவைத் தருவது டெஸ்டர்.

இன்னொரு பொறி சுவிட்ச் பெட்டியில் இருக்கிறது. விளக்கு சுவிட்சில் வரும் இரண்டு ஒயருமே ஃபேஸ் பக்கத்தவை. ஒன்று உள்ளே வருவது, இன்னொன்று விளக்குக்குத் திரும்பிப் போவது. பழுப்பு தீர்ந்துபோய்த் திரும்பும் ஒயருக்கு நீலத்தை இழுத்தவர்கள் உண்டு. அதை நியூட்ரல் என்று நினைத்து இன்னொருவர் அங்கே ஒரு பிளக்கைச் சேர்த்தால், விளக்கைப் போட்டிருக்கும்போது பிளக் செத்துக் கிடக்கும், விளக்கை அணைத்துவிட்டுப் பிளக்கில் எதையாவது போட்டால் விளக்கு மங்கலாக எரியும். அறிகுறி அப்படி இருந்தால் முதலில் சுவிட்ச் பெட்டியில் உள்ள நீலத்தைச் சோதியுங்கள். அதன் இரு நுனியிலும் பழுப்பு ஸ்லீவ் போட்டுவிட்டால் அடுத்து வருபவர் தப்பிப்பார்.

பழையதும் புதியதும் சேரும் பெட்டியில் நாங்கள் சிவப்பை பழுப்போடும் கறுப்பை நீலத்தோடும் கனெக்டரில் பிணைத்து, இரண்டு நிற முறையும் இந்த வீட்டில் இருக்கிறது என்ற எச்சரிக்கைச் சீட்டை டிபி கதவுக்குள் ஒட்டினோம்.

பிளக் சூடாகிறது, ஆனால் ஜங்ஷன் பாக்ஸையே காணோம்

ஒயர் பிணைப்பு தளர்ந்தால் சூடாகும், மீன் வாடை போல ஒரு நெடி வரும், விளக்கு துடிக்கும். ஆர்சிசிபியும் எம்சிபியும் இதைக் கண்டுபிடிக்காது. பிளக்கின் திருகை முறுக்கிப் பார்த்தும் தீரவில்லை என்றால் பிணைப்பு பின்னால் ஒரு பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியின் மேல் பூசிவிட்டார்கள் என்றால் சிரமம். கதவுக்கு மேலே, கூரைக்குக் கீழே 150 முதல் 300 மி.மீ. வரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் ஒலி மாறும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் வட்டமாகவோ சதுரமாகவோ மேடு தெரியும். கண்டுபிடித்த பெட்டியை மறுபடி பூசாதீர்கள். வெறும் மூடி போட்டு, சுவர் நிறத்திலேயே சாயம் அடித்து விடுங்கள்.

மழை பெய்தாலோ குளித்த பின்னாலோ மட்டும் விழுகிறது

இது ஈரம். வெளிச்சுவர் பிளக்கையும் குளியலறை ஹீட்டர் சுவிட்சையும் திறந்து பெட்டியின் அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். மெக்கர் கிலோ ஓமில் காட்டி, காய்ந்த பின் ஏறினால் சந்தேகமே இல்லை. பைப் மேலே இருந்து தண்ணீரைக் கொண்டுவந்து பெட்டியில் ஊற்றுகிறது. பெட்டியை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு மறுபடி வரும். தண்ணீர் பைப்புக்குள் புகும் மேல் வாயைத் தேடி அடைக்க வேண்டும்.

ஈசூன் வீட்டில் கடைசியாக எல்லா நியூட்ரலையும் பட்டையில் மாட்டும் முன் நடு அறையை மறுபடி அளந்தேன். 200 மெகா ஓமுக்கு மேல். மெயினைத் தூக்கி, ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்துவிட்டு, ஹீட்டரைப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் அம்மா டீ போட்டுக்கொண்டு வந்தார், கெட்டிலில்தான். ஷெல்ஃபைத் திருப்பி மாட்டும் முன் சுவரில் பென்சிலால் புதுப் பைப்புகள் போகும் கோடுகளை வரைந்து, அம்மாவின் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்தேன்.